சாவி தருவதாகச் சொன்ன தேதி

அடுக்குமாடி வீடு கட்டி முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது என்ற புகார் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும்போது, கூடவே ஒரு தடித்த ஃபைலும் வரும். ஒப்பந்தம், ரசீதுகள், வீட்டுக் கடன் கணக்கு, பில்டருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், பாதியில் நிற்கும் கட்டடத்தின் புகைப்படங்கள் எல்லாம் அதில் இருக்கும். கொண்டுவருபவர்கள் ஒரு பக்கம் வாடகை, மறு பக்கம் இ.எம்.ஐ. என்று வருடக்கணக்கில் கட்டிக் களைத்தவர்கள். "எங்க கஷ்டத்தை எழுதுங்க சார்" என்பார்கள்.

அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் கஷ்டத்தை மட்டும் எழுதினால், பில்டர் அதை ஒரே வரியில் தள்ளிவிடுவார்: "ரெராவில் பதிவு செய்த காலக்கெடுவுக்குள்தான் வேலை நடக்கிறது." வாசகருக்கு யார் சொல்வது சரி என்று தெரியாமல் போகும். புகார் கொடுத்தவர்களுக்கும் அந்தச் செய்தியால் ஒரு பயனும் இராது. அதனால் இப்படியான செய்தியில் நிருபர் முதலில் பதில் கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். சாவியை எந்தத் தேதியில் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்? இந்தத் தேதி உறுதியானால் மற்ற எல்லாம் அதிலிருந்து பிறக்கும். இது உறுதியாகாத செய்தி இரு தரப்பின் பேச்சுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததோடு நின்றுவிடும்.

அந்தத் தேதியை ஆவணங்களிலிருந்து எப்படி எடுப்பது, அதை வைத்து பில்டரிடம் என்ன கேட்பது, அவர் தரும் பதிலை எப்படிச் சோதிப்பது என்பதை ஒரு மாதிரிக் கோப்பை வைத்துப் பார்க்கலாம். இந்தக் கோப்பு எந்த ஒரு நிறுவனத்துடையதும் அல்ல. இத்தகைய புகார்களில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களைச் சேர்த்து, விளக்கத்துக்காக நான் அமைத்தது. இதில் வரும் சட்டங்களும் தீர்ப்புகளும் உண்மையானவை.

இரண்டு பத்திரங்கள்

சென்னையில் பல ஆண்டுகளாக ஃபிளாட் விற்கப்பட்டு வந்த முறையில் வாங்குபவர் கையில் இரண்டு ஆவணங்கள் இருக்கும். ஒன்று, நிலத்தில் அவருக்குரிய பிரிபடாத பாகத்துக்கான கிரயப் பத்திரம். யூ.டி.எஸ். பத்திரம் என்று சொல்வார்கள். இன்னொன்று, அந்த நிலத்தில் வீட்டைக் கட்டித் தருவதற்காக பில்டரோடு போடும் கட்டுமான ஒப்பந்தம்.

புகார் கொடுப்பவர்கள் பலர் யூ.டி.எஸ். பத்திரத்தைத்தான் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் சாவி தரும் தேதி அதில் இருக்காது. கட்டுமான ஒப்பந்தத்தின் நடுவில் எங்கோ ஒரு பத்தியில் இருக்கும். அதுவும் காலண்டர் தேதியாக அபூர்வமாகத்தான் இருக்கும். "இந்த ஒப்பந்தத் தேதி அல்லது திட்ட அனுமதி கிடைத்த தேதி, இவற்றில் பிந்தையதிலிருந்து 30 மாதங்களுக்குள்; கூடுதலாக 6 மாத சலுகைக் காலம்" என்பது போன்ற வாசகம்தான் வழக்கம். இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்கள் நேர்ந்தால் காலம் நீளும் என்று அடுத்த பத்தி சொல்லும்.

நமது மாதிரிக் கோப்பில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி 1,100 சதுர அடி வீடு. மொத்த விலை 60 லட்சம் ரூபாய். கட்டுமான ஒப்பந்தத்தின் தேதி 2017 பிப்ரவரி 10. திட்ட அனுமதிக் கடிதம் அதற்கு முன்பே, 2016 நவம்பரில் வந்துவிட்டது. ஆகவே பிந்தைய தேதி ஒப்பந்தத் தேதிதான். அதிலிருந்து 30 மாதம் கூட்டினால் 2019 ஆகஸ்ட் 10. சலுகைக் காலம் ஆறு மாதத்தையும் பில்டருக்கே கொடுத்துவிட்டால் 2020 பிப்ரவரி 10. செய்தியின் ஆதாரத் தேதி இதுதான். இந்தக் கணக்கைப் போடத் திட்ட அனுமதிக் கடிதத்தின் நகலும் கையில் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அனுமதி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்திருந்தால் கெடு மாதக்கணக்கில் தள்ளிப்போயிருக்கும். புகார்தாரர் சொல்லும் தாமதம் அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

ஒருவருடைய ஒப்பந்தத்தை மட்டும் பார்த்துவிட்டு "வாங்கியவர்கள் அனைவருக்கும்" என்று எழுதக் கூடாது. ஒரே வளாகத்தில் ஆளுக்கு ஆள் ஒப்பந்தத் தேதி வேறு. மாதிரிக் கோப்பில் 12 பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தத் தேதி, கெடு முடியும் தேதி, கட்டிய தொகை என்று ஒரு பட்டியல் போட்டால், ஒருவர் 2018 நவம்பரில்தான் கையெழுத்திட்டது தெரியவரும். அவருக்குக் கெடு 2021 நவம்பர். அவரையும் சேர்த்து எழுதிவிட்டால், செய்தி முழுவதும் தவறு என்று காட்ட பில்டருக்கு அந்த ஒரு பெயர் போதும்.

ரெரா தேதி வேறு, ஒப்பந்தத் தேதி வேறு

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்போது கட்டுமானத்தில் இருந்து, நிறைவுச் சான்று பெறாத திட்டங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது சட்டம். பதிவு செய்யும்போது, எப்போது முடிப்பேன் என்று பில்டர் தானே ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

மாதிரிக் கோப்பின் பில்டர் 2017-இல் பதிவு செய்யும்போது கொடுத்த தேதி 2021 டிசம்பர் 31. வாங்கியவர்களிடம் கையெழுத்திட்ட கெடுவைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளி. தமிழ்நாடு ரெராவின் rera.tn.gov.in தளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு யார் பார்த்தாலும் இந்தத் தேதிதான் தெரியும். அதனால்தான் பில்டர்களின் பதில் கடிதங்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

இதை விவரம் தெரியாத நிருபர் ஏற்றுக்கொண்டுவிட வாய்ப்பு அதிகம். அரசுத் தளத்தில் இருக்கும் தேதியாயிற்றே என்று தோன்றும். ஆனால் இந்தக் கேள்வி நீதிமன்றங்களில் தீர்ந்துபோன ஒன்று. ரெரா சட்டத்தின் செல்லுபடித்தன்மையை எதிர்த்து நீல்கமல் ரியல்டர்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பில்டருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைச் சட்டம் திருத்தி எழுதவில்லை என்று சொன்னது. 2020 நவம்பரில் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் நேராகவே சொன்னது: தாமதத்துக்குப் பரிகாரம் தரும் 18-ஆவது பிரிவின்படி காலத்தை எண்ணும்போது ஒப்பந்தத்தில் உள்ள கெடுவைத்தான் பார்க்க வேண்டும், பதிவுத் தேதியை அல்ல.

ரெரா தளத்தை இதனால் ஒதுக்கிவிடக் கூடாது. அது வேறு காரியத்துக்கு மிகவும் பயன்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தின் நிலையைப் பதிவேற்ற வேண்டியது பில்டரின் கடமை. எந்தக் காலாண்டில் எத்தனை தளம் முடிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார் என்பது அங்கே இருக்கும். பதிவை நீட்டித்திருக்கிறார்களா, அந்த பில்டர் மீது வேறு புகார்களில் என்ன உத்தரவு வந்திருக்கிறது என்பதையும் அங்கேயே தேடிப் பார்க்கலாம். செய்தி எழுதும் நாளில் பார்த்த பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொள்வது அவசியம். பக்கங்கள் பின்னர் மாறும்.

பணம் போன வழி

தாமதத்துக்கு அடுத்தபடி உறுதி செய்ய வேண்டியது, வாங்கியவர் தன் பங்கைச் செய்தாரா என்பது. கட்டுமான ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் தவணை அட்டவணை இருக்கும்: அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, ஒவ்வொரு தளக் கூரை போட்டதும் இவ்வளவு, பூச்சு வேலைக்கு இவ்வளவு என்று. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் பில்டர் பணம் கேட்டுக் கடிதம் அனுப்புவார். டிமாண்ட் லெட்டர் என்பது இதுதான். வீட்டுக் கடன் எடுத்திருந்தால் வங்கி அந்தக் கடிதத்தின் பேரில் பணத்தை நேராக பில்டருக்கு அனுப்பும்.

கேட்புக் கடிதத்தின் தேதி, பணம் போய்ச் சேர்ந்த தேதி, ரசீதின் தேதி மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். கடிதம் வந்து 15 நாளில் பணம் போயிருந்தால் வாங்கியவர் மேல் குறை இல்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துப் போயிருந்தால், அதற்கான காரணத்தை அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதைப் புகார்தாரரிடம் கேட்பதில் சங்கடப்பட வேண்டியதில்லை. நாம் கேட்காவிட்டால் பில்டர் அதையே தன் பதிலின் முதல் வரியாக வைப்பார்.

மாதிரிக் கோப்பில் 1,100 சதுர அடி வீட்டுக்காரர் கெடு முடிந்த 2020 பிப்ரவரிக்குள் 54 லட்சம் கட்டிவிட்டார். விலையில் 90 சதவீதம். இந்த எண்ணைச் செய்தியில் எழுதும்போது ரசீதுகளின் கூட்டுத்தொகையும் வங்கிக் கணக்கின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி. போன்றவற்றைச் சேர்த்து மொத்தமாகச் சொல்வது புகார்தாரர்களின் வழக்கம். அவை பில்டரின் கைக்கு விலையாகப் போன தொகை அல்ல.

இந்தக் கேட்புக் கடிதங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்த மாதத்தில் எந்தத் தளம் முடிந்தது என்று பில்டரே எழுதிக் கையெழுத்திட்ட நாட்குறிப்பு அது. பதிலைச் சோதிக்கும்போது இது பெரிதும் கைகொடுக்கும்.

கேள்விகளை அனுப்புதல்

"உங்கள் திட்டம் பற்றிப் புகார் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்?" என்று அச்சுக்குப் போகும் நாள் மாலையில் தொலைபேசியில் கேட்பது பதில் கேட்பதாகாது. "பில்டர் தரப்பு பதிலளிக்க மறுத்துவிட்டது" என்று எழுதிக்கொள்ள மட்டுமே அது உதவும். குற்றச்சாட்டுக்கு ஆளானவரின் தரப்பை வெளியிடும் முன்பே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகள் சொல்வது சடங்குக்காக அல்ல.

கேள்விகள் எழுத்தில் போக வேண்டும். ரெரா பதிவில் உள்ள அலுவலக முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்பி, கோப்புகளைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதும் அளவுக்கு, குறைந்தது ஒரு வாரமாவது அவகாசம் தர வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் ஓர் ஆவணத்தைச் சுட்ட வேண்டும். மாதிரிக் கோப்புக்கு நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. கட்டுமான ஒப்பந்தத்தின் கெடுப் பத்தியின்படி, சலுகைக் காலமும் சேர்த்து 2020 பிப்ரவரி 10-க்குள் வீட்டை ஒப்படைத்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறோம். இது சரியா? இல்லையென்றால் உங்கள் கணக்கில் எந்தத் தேதி, எந்தப் பத்தியின்படி?

2. தாமதத்துக்கு நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்தாலும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வேலை நின்றது? அதை அப்போதே வாங்கியவர்களுக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா?

3. சி.எம்.டி.ஏ.வின் நிறைவுச் சான்றுக்கு விண்ணப்பித்தீர்களா? எந்தத் தேதியில்?

4. ஒப்பந்தப்படி தாமத இழப்பீடு எத்தனை பேருக்கு, எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?

5. வீட்டை எப்போது ஒப்படைப்பீர்கள்?

புகார்தாரர்களின் பெயர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது. சாவி இன்னும் பில்டர் கையில் இருக்கும்போது, பெயர் தெரிந்தால் தனக்குச் சிக்கல் வரும் என்று பயப்படுபவர்கள் உண்டு. தனிப்பட்டவரின் தவணை விவரத்துக்கு பில்டர் பதில் சொல்ல வேண்டுமானால் பெயர் தேவைப்படும். அப்போது யார் யார் சம்மதிக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களுடையதை மட்டும் கொடுக்க வேண்டும். ஒப்பந்த நகலைப் படமாக வெளியிட்டால் ஆதார், பான் எண்கள், கையெழுத்து, முகவரி ஆகியவற்றை மறைக்க வேண்டும்.

பதிலை உரசிப் பார்த்தல்

மாதிரிக் கோப்பின் செய்தி 2022 ஜூனில் எழுதப்படுகிறது என்று கொள்வோம். பில்டரின் பதிலில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. ரெரா தேதி 2021 டிசம்பர்தான், அதற்கும் நீட்டிப்பு வாங்கியிருக்கிறோம். பணமதிப்பிழப்பு, மணல் தட்டுப்பாடு, கொரோனா ஆகியவை எங்கள் கையில் இல்லாத காரணங்கள். வாங்கியவர்கள் சிலர் தவணையைத் தாமதமாகக் கட்டினார்கள். 80 சதவீத வீடுகளை ஒப்படைத்துவிட்டோம். தாமதத்துக்கு ஒப்பந்தப்படி இழப்பீடு தரத் தயாராக இருக்கிறோம்.

முதல் வாதத்தை மேலே பார்த்துவிட்டோம். பதிவு நீட்டிப்பும் பில்டருக்கும் ரெராவுக்கும் இடையிலான விஷயம். ஒப்பந்தக் கெடுவை அது மாற்றாது.

இரண்டாவதைத் தேதி வாரியாகப் பார்க்க வேண்டும். பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டது 2016 நவம்பர் 8. ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு மூன்று மாதம் கழித்து. அந்த நிலைமை தெரிந்தே 30 மாதம் என்று எழுதியவர் அதைக் காரணமாகச் சொல்ல இடமில்லை. மணல் தட்டுப்பாடு தமிழ்நாட்டில் 2017, 2018-இல் உண்மையாகவே இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மாதங்களில் வேலை நின்றிருந்ததா? கேட்புக் கடிதங்களை எடுத்துப் பார்க்கிறோம். இரண்டாம் தளக் கூரை, மூன்றாம் தளக் கூரை, நான்காம் தளக் கூரை என்று அந்த மாதங்களில்தான் வரிசையாகப் பணம் கேட்டிருக்கிறார். மணல் இல்லாமல் வேலை நின்றது என்பதும், கூரை போட்டாயிற்று பணம் அனுப்புங்கள் என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இந்த முரண்பாட்டை பில்டரிடம் இன்னொரு முறை எழுதிக் கேட்டுவிட்டே வெளியிட வேண்டும்.

கொரோனாவுக்கு வருவோம். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 25. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2020 மே மாதம் மாநில ரெராக்களுக்கு அனுப்பிய அறிவுரை, மார்ச் 25 அன்றோ அதற்குப் பிறகோ பதிவுக் காலம் முடியும் திட்டங்களுக்கு ஆறு மாத நீட்டிப்பு தரச் சொன்னது. நமது கோப்பில் ஒப்பந்தக் கெடு பிப்ரவரி 10-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஊரடங்கு வந்தபோது வீடு ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டிய வீடு. ஆனாலும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்ட அந்த மாதங்களில் எந்த பில்டராலும் வேலை செய்திருக்க முடியாது என்பது நியாயமான பேச்சு. ஆறு மாதத்தைக் கழித்துக் கொடுத்தே பார்ப்போம். 2022 ஜூன் 10 வரை மொத்தத் தாமதம் 28 மாதம். கழித்தால் 22 மாதம். செய்தியில் இரண்டு எண்ணையும் எழுதலாம். பில்டருக்கு மிகவும் சாதகமான கணக்கிலும் இவ்வளவு தாமதம் என்று காட்டும்போது செய்தியின் வலு கூடுகிறது.

சட்டம் இதற்கும் மேலே போகிறது. 2021 நவம்பரில் நியூடெக் ப்ரமோட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் கெடுவுக்குள் வீட்டைத் தராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது வாங்கியவரின் நிபந்தனையற்ற உரிமை என்றது. எதிர்பாராத நிகழ்வுகளோ, நீதிமன்றத் தடைகளோ அந்த உரிமையைப் பாதிக்காது என்றும் சொன்னது. ஆகவே காரணம் நியாயமானதாக இருந்தாலும், பணத்தைத் திரும்பக் கேட்பவரை அதைக் காட்டித் தடுக்க முடியாது.

மூன்றாவது, தவணைத் தாமதம். இங்கே பில்டரின் பதில் நம்மைத் திருத்துகிறது. 12 பேரில் இருவர் இரண்டு தவணைகளை நான்கு மாதம் கழித்துக் கட்டியதற்கான நினைவூட்டல் கடிதங்களை அவர் இணைத்திருக்கிறார். அந்த இருவரும் இதை நம்மிடம் சொல்லவில்லை. விசாரித்தால், கடன் வாங்கிய வங்கியை மாற்றியதில் தாமதம் என்கிறார்கள். அது அவர்கள் தரப்புக் காரணம், அதையும் எழுதலாம். ஆனால் "தவணையை ஒழுங்காகக் கட்டியும் வீடு வராதவர்கள்" என்ற எண்ணிக்கையில் இனி அவர்களைச் சேர்க்க முடியாது. பின்னர் கையெழுத்திட்டவரையும் கழித்தால், 12 என்பது 9 ஆகிறது. 12 என்று எழுதியிருந்தால் உடைந்துபோகும் செய்தி, 9 என்று எழுதினால் நிற்கும். பதிலை அக்கறையோடு வாங்கிப் படிப்பதன் பயன் இதுதான்.

நான்காவது, ஒப்படைத்துவிட்டோம் என்பது. எதை ஒப்படைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். உள்வேலை செய்துகொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வது உண்டு. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி கட்டி முடிந்தது என்று நிறைவுச் சான்று வேண்டும். நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் அதைச் சார்ந்தவை. சான்று வராத வளாகத்தில் சாவி இருந்தாலும் லாரித் தண்ணீரையும் தற்காலிக மின்சாரத்தையும் நம்பிக் குடியிருக்க வேண்டிவரும். லிஃப்ட், தீயணைப்பு ஏற்பாடு முடிந்ததா என்பதை ஒரு நடை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு பில்டரின் பதிலில் தேதி இல்லையென்றால், அதையே செய்தியில் சொல்ல வேண்டும்.

இழப்பீடு என்று எதைச் சொல்கிறார்கள்

ஐந்தாவது வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஒப்பந்தத்தில் இழப்பீடு எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். மாதிரி ஒப்பந்தம், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் சதுர அடிக்கு 5 ரூபாய் என்கிறது. 1,100 சதுர அடிக்கு மாதம் 5,500 ரூபாய். 28 மாதத்துக்கு 1,54,000 ரூபாய். அதே ஒப்பந்தத்தில், வாங்கியவர் தவணையைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி.

ரெரா சட்டத்தின் 18-ஆவது பிரிவு வாங்கியவருக்கு இரண்டு வழி தருகிறது. திட்டத்தை விட்டு விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். அல்லது வீடுதான் வேண்டும் என்று இருந்து, ஒப்படைக்கும் வரை மாதாமாதம் வட்டி பெறலாம். தமிழ்நாட்டு விதிகளில் இந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் எம்.சி.எல்.ஆர். என்னும் கடன் வட்டி விகிதத்தில் உயர்ந்ததோடு இரண்டு சதவீதம் கூட்டியது. அது அவ்வப்போது மாறும். புரிவதற்காக 10 சதவீதம் என்று வைத்தால், 54 லட்சத்துக்கு மாதம் 45,000 ரூபாய். 28 மாதத்துக்கு 12,60,000 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கும் பன்னிரண்டரை லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகருக்கு இப்படிக் கணக்காகக் காட்டிவிட்டால் வேறு விமர்சனம் தேவையில்லை.

கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி என்ன செய்வது என்று நினைப்பவர்களுக்கும் பதில் உண்டு. குருகிராமில் ஒரு ஃபிளாட் தொடர்பான பயோனியர் அர்பன் வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் தாமதத்துக்கு 18 சதவீதம், பில்டரின் தாமதத்துக்கு 9 சதவீதம் என்றிருந்த ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமானது என்று சொல்லி, அது வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அங்கே கெடு முடிந்து இரண்டாண்டு கழித்து பில்டர் வீட்டைத் தர முன்வந்தபோதும், அதைக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்றும் சொன்னது. பெங்களூரில் டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் வளாகத்தில் வீடு வாங்கிய 339 பேரின் வழக்கில், ஒப்பந்தம் சொன்னது இதேபோல் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதோடு நிற்காமல், கூடுதலாக ஆண்டுக்கு 6 சதவீத வட்டி தரச் சொன்னது.

எழுதும்போது காக்க வேண்டிய எல்லை

இந்தக் கோப்பில் நிரூபணமானது தாமதம். மோசடி நிரூபணமாகவில்லை. வாங்கியவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும் என்கிறது ரெரா சட்டம். "எங்க பணத்தை எடுத்து வேற ஊர்ல நிலம் வாங்கிட்டாங்க" என்று புகார்தாரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கணக்குத் தணிக்கையோ, ரெரா உத்தரவோ, காவல்துறை வழக்கோ இல்லாமல் அதை எழுத முடியாது. அவதூறு வழக்கில், சொன்னது உண்மை, பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்பதுதான் எழுதியவரின் முக்கியமான தற்காப்பு. உண்மை என்று காட்டும் ஆவணம் இல்லாத ஒரு வாக்கியம், ஆவணமுள்ள மற்ற வாக்கியங்களையும் சேர்த்து நீதிமன்றத்துக்கு இழுத்துவிடும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிலத்தின் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்க்கலாம். வாங்கியவர்களுக்குப் பத்திரம் போட்ட பிறகு அந்த நிலம் வங்கியில் அடமானம் வைக்கப்பட்டிருந்தால், பதிவான அடமானம் அதில் தேதியோடு இருக்கும். அது யூகம் அல்ல, ஆவணம். அதைக் கேள்வியாக பில்டருக்கு அனுப்பி, பதிலோடு வெளியிடலாம்.

பில்டரின் பதிலைச் செய்தியின் கடைசிப் பத்தியில் இரண்டு வரியாகச் சுருக்குவதும் சரியல்ல. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பக்கத்திலேயே அவர் சொன்னதையும், அதற்கு அருகில் ஆவணம் சொல்வதையும் வைக்க வேண்டும். ரெரா தேதி என்ற வாதம், பிறகு ஒப்பந்தப் பத்தி, பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படி வைத்தால் வாசகர் தாமே முடிவுக்கு வருவார். இதே பில்டரிடம் வீடு பார்க்கப் போகும் இன்னொரு குடும்பம், எந்தப் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளும்.

செய்தி வந்த பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. பில்டர் ஐந்தாவது கேள்விக்கு ஒரு புதிய தேதியைச் சொல்லியிருந்தால், அந்தத் தேதியில் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். வாங்கியவர்கள் ரெராவுக்குப் போய் உத்தரவு வாங்கினாலும் பணம் உடனே வந்துவிடாது. பில்டர் கொடுக்காவிட்டால் அதை நில வரிப் பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. அதற்கு ரெராவின் வசூல் சான்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் கோப்பு தேங்கும். அந்தத் தேக்கத்துக்குக் காரணம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும் இதேபோல் எழுத்தில் கேள்வி அனுப்பலாம். உத்தரவு வந்த அன்று தலைப்புச் செய்தி போட்டுவிட்டு நகர்ந்துவிடும் பத்திரிகை, வாங்கியவர்களைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. அந்த ஒன்பது பேருக்கும் பணமோ, நிறைவுச் சான்றோடு கூடிய வீடோ கைக்கு வரும் வரை இந்தச் செய்தி முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.